பாக்கெட்டின் படமும் ஒரு பீஸின் விலையும்

திருநின்றவூர்ப் பக்கம் பல வீடுகளில் குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிறவர் ஒருவர், அதை வாங்கி வருகிறவர் இன்னொருவர். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்றால், வெளிவட்டச் சாலையில் வரும் கம்பெனி பஸ் நெமிலிச்சேரியில் இறக்கிவிட்ட பிறகுதான் கடைக்குள் நுழைய முடியும். அப்போது அவர் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டும். அந்தப் படத்திலிருந்து சரியான பாக்கெட்டை அடையாளம் கண்டு, கடையில் இருப்பவற்றோடு பீஸ் கணக்கில் எப்படி ஒப்பிடுவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. வெட் வைப்ஸுக்கும் இதே வழிதான். அதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியதை அதற்கான தனிப் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் விலை என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் ரூபாயைக் கடைக்காரர் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார், அதில் யாரும் தவறுவதில்லை. கீழே இருக்கும் எண்ணிக்கையும், அது எந்தப் பொருளின் எண்ணிக்கை என்பதும்தான் ஏமாற்றும் இடங்கள். ஆகவே பொருள் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள், கணக்கை அதன்பிறகு போடலாம்.

படத்தில் தேட வேண்டிய ஐந்து

கடையில் போய் "பேம்பர்ஸ் கொடுங்க" என்றால் எந்தக் கம்பெனி டயப்பரும் கைக்கு வரும். ஒரு பாக்கெட்டை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுபவை ஐந்து: கம்பெனிப் பெயர், அதற்குள் இருக்கும் ரகம், பேண்ட்ஸா டேப்பா என்பது, சைஸ், எண்ணிக்கை.

கம்பெனிப் பெயர் தூரத்திலிருந்தே தெரியும். சிக்கல் ரகத்தில் தொடங்குகிறது. பாம்பர்ஸ் என்றால் ஆல் ரவுண்ட் புரொடெக்‌ஷன் ஒரு ரகம், பிரீமியம் கேர் வேறொரு ரகம். மாமிபோக்கோ பேண்ட்ஸில் ஸ்டாண்டர்ட் என்றும் எக்ஸ்ட்ரா அப்ஸார்ப் என்றும் உண்டு. ஹக்கீஸிலும் வொண்டர் பேண்ட்ஸ் தனி, நேச்சர் கேர் தனி. ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களுக்கு இடையே பீஸுக்குப் பல ரூபாய் வித்தியாசம் இருக்கலாம். கம்பெனியை மட்டும் பார்த்து "இந்தக் கடையில் மலிவு" என்று முடிவு கட்டினால், உண்மையில் ஒப்பிட்டது இரண்டு வேறு பொருட்களை.

மூன்றாவது, அமைப்பு. ஜட்டி போல மாட்டிவிடுவது பேண்ட்ஸ். படுக்க வைத்து இருபுறமும் ஒட்டுவது டேப் வகை. டேப் வகை பெரும்பாலும் பீஸுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். ஆனால் நடக்கத் தொடங்கிய குழந்தையைப் பிடித்துப் படுக்க வைத்து ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். படத்தில் குழந்தையின் இடுப்பைப் பாருங்கள்: சுற்றிலும் சுருக்கம் வைத்த எலாஸ்டிக் என்றால் பேண்ட்ஸ், முன்பக்கம் இரண்டு பட்டைகள் வந்து ஒட்டியிருந்தால் டேப்.

நான்காவது சைஸ். இங்கேதான் முன்பக்கப் படம் அதிகமாக ஏமாற்றும். எம், எல், எக்ஸ்எல் மூன்றுக்கும் அட்டையின் நிறமும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூலையில் உள்ள எழுத்தும் எடை வரம்பும் மட்டுமே மாறும். இந்தியச் சந்தையில் பேண்ட்ஸுக்குப் பரவலாகக் காணும் வரம்புகள்: எம் 7 முதல் 12 கிலோ, எல் 9 முதல் 14, எக்ஸ்எல் 12 முதல் 17. இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். 13 கிலோ குழந்தைக்கு எல்லும் பொருந்தும், எக்ஸ்எல்லும் பொருந்தும். இது பணக் கணக்கில் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஐந்தாவது எண்ணிக்கை. முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பாக்கெட்டின் மடிப்பில் பாதி மறைந்துவிடும். 64 என்பது 54 போலத் தெரியும். ஆகவே முன்பக்க எண்ணை நம்பி நிற்காமல், பின்பக்கத்தில் நெட் குவான்டிட்டி என்ற வரியைத் தேடுங்கள். எண்ணிக்கையாக விற்கும் பொருளுக்கு அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் 'என்' அல்லது 'யு' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். "இத்தனை இலவசம்" என்று முன்னால் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த வரியைத்தான்.

மூன்று படங்கள் போதும்

ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடக்க நினைத்தால் எதையும் படிக்க முடியாது. முன்பக்கம் முழுதாக ஒன்று, பின்பக்கத்தில் விவரங்கள் அச்சிட்ட கட்டம் ஒன்று, விலையும் தேதியும் உள்ள இடம் ஒன்று என மூன்றாக எடுங்கள். விலை, தயாரித்த மாதம், பேட்ச் எண் ஆகியவற்றை மற்ற எழுத்துகளோடு சேர்த்து அச்சிடுவதில்லை. பாக்கெட் தயாரான பிறகு புள்ளி புள்ளியாக மை தெளித்துப் போடுகிறார்கள். அதனால்தான் அவை கட்டத்துக்கு வெளியே, மடிப்பிலோ அடிப்பகுதியிலோ இருக்கும். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் குழம்பும்.

பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறை பளபளப்பானது. பிளாஷ் போட்டால் சரியாக எண் இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், உறையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, சிறிய எழுத்து கரைந்துவிடும். எச்டி என்ற தேர்வை அழுத்தியோ, டாக்குமென்ட் ஆகவோ அனுப்புங்கள். அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்து, விலை உங்கள் கண்ணுக்கே தெரிகிறதா என்று சரிபாருங்கள்.

பழைய பாக்கெட்டைத் தூக்கிப் போட்டாயிற்று, ஒரு டயப்பர்தான் மிச்சம் என்றால் அதையே விரித்துப் படம் எடுக்கலாம். பலவற்றில் பின்பக்க இடுப்பிலோ சுருட்டி ஒட்டும் பட்டையிலோ சைஸ் எழுத்து இருக்கும். ஆனால் எண்ணிக்கையும் விலையும் அதில் கிடைக்காது. கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடலும் இதே எல்லைக்குள்தான் உதவும்: கம்பெனியையும் ரகத்தையும் பெரும்பாலும் சரியாகக் காட்டும், சைஸிலும் எண்ணிக்கையிலும் வழுக்கும். மூன்று சைஸுக்கும் ஒரே முகம் இருக்கும்போது அது என்ன செய்யும்?

பார்கோடு: படத்தின் ஆதார் எண்

பின்பக்கப் படத்தில் பார்கோடும் அதன் கீழே உள்ள 13 இலக்கங்களும் விழுந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் எண்ணிக்கை மாறினால் பார்கோடு எண்ணும் மாற வேண்டும் என்பது ஜிஎஸ்1 அமைப்பின் விதி. எல் சைஸ் 34 பீஸுக்கு ஒரு எண், அதே எல் சைஸ் 64 பீஸுக்கு வேறு எண். கடையில் எடுத்த பாக்கெட்டின் 13 இலக்கங்களும் படத்தோடு ஒத்துப்போனால் கம்பெனி, ரகம், அமைப்பு, சைஸ், எண்ணிக்கை ஐந்தும் ஒத்துப்போகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். விலை மட்டும் இதில் அடங்காது. ஒரே பார்கோடில் இரண்டு எம்.ஆர்.பி. உள்ள சரக்கு ஒரே அலமாரியில் நிற்பதும், பில் போடுகிறவர் "எந்த விலை?" என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதும் வழக்கமாக நடப்பதே.

படம் மங்கலாக இருந்து ஓர் இலக்கத்தில் சந்தேகம் வந்தால், அந்த எண்ணே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். கடைசி இலக்கம் மற்ற 12-லிருந்து கணக்கிட்டு வைத்தது. பழகுவதற்காக இந்த எண்ணை எடுத்துக்கொள்வோம்:

```
8901234567890
ஒற்றை இடங்கள்: 8+0+2+4+6+8 = 28
இரட்டை இடங்கள்: 9+1+3+5+7+9 = 34;  34 x 3 = 102
28 + 102 = 130
```

கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. ஒன்பதாவது இடத்தில் உள்ள 6-ஐ 8 என்று படித்திருந்தால் மொத்தம் 132 ஆகியிருக்கும். கடைசி இலக்கம் 8 என்று இருந்தாக வேண்டும். படத்தில் 0 இருப்பதால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் தப்பாக இருந்தால் இந்தச் சோதனை அதை எப்போதும் பிடித்துவிடும். இரண்டு தப்பாக இருந்தால் சில வேளை நழுவலாம்.

தொடக்கத்தில் உள்ள 890-ஐப் பார்த்து "இந்தியாவில் செய்தது" என்று சொல்வது தவறு. கம்பெனி அந்த எண்ணை ஜிஎஸ்1 இந்தியாவிடம் வாங்கியது என்பது மட்டுமே அதற்குப் பொருள். செய்த இடம் தெரிய வேண்டுமானால் தயாரிப்பாளர் முகவரியைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி இருக்கிறது. மாமிபோக்கோ செய்யும் யூனிசார்ம் நிறுவனத்துக்கு அங்கே ஓர் ஆலை உண்டு. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கூட அதற்கு ஆலைகள் அமைந்தன. இப்படிப் பல இடங்களில் செய்யும் கம்பெனிகள் எல்லா முகவரிகளையும் அச்சிட்டுவிட்டு, எந்த ஆலை என்பதை பேட்ச் எண்ணின் எழுத்தால் சொல்வது உண்டு. முகவரி மாறியதால் பொருள் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆலை பக்கத்து ஊரில் இருப்பதால் இங்கே எம்.ஆர்.பி. குறையும் என்பதும் கிடையாது.

பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும் பீஸ் விலை

2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளில் 2021 நவம்பரில் ஒரு திருத்தம் வந்தது. எம்.ஆர்.பி.யோடு யூனிட் சேல் பிரைஸையும் போட வேண்டும் என்பது அதில் ஒன்று. எண்ணிக்கையாக விற்பதற்கு ஒரு எண்ணுக்கு எவ்வளவு என்று, இரண்டு தசம இடங்கள் வரை போடுவார்கள். இப்போது பெரும்பாலான டயப்பர், வைப்ஸ் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இது இருக்கும்.

இந்த எண் இரண்டு விதத்தில் பயன்படும். ஒன்று, எண்ணிக்கையைச் சரிபார்க்க. எம்.ஆர்.பி. 900, யூனிட் விலை 14.06 என்று தெரிந்தால், 900-ஐ 14.06-ஆல் வகுத்தால் 64 வரும். மடிப்பில் மறைந்த எண்ணிக்கை வெளியே வந்துவிட்டது. இன்னொன்று, ஒப்பிட. ஆனால் இது எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிட்டது. கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி இதில் இல்லை. தள்ளுபடியே இல்லாத கடையில் இதை அப்படியே நம்பலாம். தள்ளுபடி உள்ள கடையில், பில்லில் வரும் தொகையை நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய படத்தை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான நாப்கின்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. டயப்பர் இந்த இனத்தில்தான் வருகிறது. அதற்கு முன் 960 ரூபாய் எம்.ஆர்.பி. இருந்த பாக்கெட்டில் வரிக் குறைப்பு முழுதும் இறங்கினால், 960-ஐ 1.12-ஆல் வகுத்து 1.05-ஆல் பெருக்க 900 வரும். பழைய சரக்கில் திருத்திய விலையை ஸ்டிக்கராக ஒட்ட அரசு அனுமதித்தது. ஆகவே போனில் இருக்கும் படத்தின் எம்.ஆர்.பி.யை இன்றைய விலை என்று எடுத்துக்கொண்டு, "60 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்" என்று மகிழ வேண்டாம். படம் எடுத்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு, முழுதாக

கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. முறை எந்த விலைக்கும் பொருந்தும்.

குழந்தைக்கு 13 கிலோ. வீட்டிலிருந்து வந்த படத்தில் எல் சைஸ், பேண்ட்ஸ், 64 பீஸ், அதிகம் உறிஞ்சும் ரகம். கூடவே ஒரு செய்தி: "ஏங்க, இதே வாங்கிட்டு வாங்க. வேற எதாவது மலிவா இருந்தா போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்." சூப்பர்மார்க்கெட்டில் படத்தில் உள்ளது 20 விழுக்காடு தள்ளுபடியில் இருக்கிறது. அதே ரகம் எக்ஸ்எல் 54 பீஸும் அதே விலையில் இருக்கிறது. எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பில் அதே ரகம் எல் 34 பீஸ், சிறிய தள்ளுபடியோடு. பக்கத்து மளிகைக் கடையில் அதே கம்பெனியின் சாதா ரகம் எல் 42 பீஸ், தள்ளுபடி இல்லை.

| பாக்கெட் | எம்.ஆர்.பி. | அச்சிட்ட யூனிட் விலை | கொடுக்கும் தொகை | உண்மையான பீஸ் விலை |
|---|---|---|---|---|
| எல் 64 | 900 | 14.06 | 720 | 11.25 |
| எக்ஸ்எல் 54 | 900 | 16.67 | 720 | 13.33 |
| எல் 34 | 459 | 13.50 | 436 | 12.82 |
| சாதா ரகம் எல் 42 | 462 | 11.00 | 462 | 11.00 |

முதலில் எல் 64-ஐயும் எல் 34-ஐயும் பாருங்கள். அச்சிட்ட விலையை மட்டும் வைத்தால் சின்னப் பாக்கெட்தான் மலிவு: 13.50-க்கு எதிரே 14.06. தள்ளுபடியைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழ்: 12.82-க்கு எதிரே 11.25. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் இல்லை, அச்சிட்ட விலை கடைசி வார்த்தை என்பதும் இல்லை என்று இந்த ஒரு ஜோடியே காட்டிவிடுகிறது. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று விலை வைத்துக் கடை வாசலில் தொங்கும் குட்டிப் பாக்கெட்டுகள் சில நேரம் பெரியதைவிட மலிவாக விழும். அவை எந்த ரகம் என்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்து எல்லும் எக்ஸ்எல்லும். விலைச் சீட்டு இரண்டிலும் 720. சைஸ் ஏற ஏறப் பாக்கெட்டின் விலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே எண்ணிக்கையைக் குறைப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். 13 கிலோ குழந்தை இரண்டு வரம்புக்குள்ளும் வருவதால், "வளரும் பிள்ளைதானே" என்று எக்ஸ்எல் எடுத்தால் பீஸுக்கு 2 ரூபாய் 8 காசு கூடுதல். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் 10 ரூபாய்க்கு மேல். இடுப்பிலும் தொடையிலும் சிவந்த தடம் விழாமல் எல் பொருந்துகிறது என்றால் அதிலேயே இருக்கலாம். தடம் விழுந்தாலோ, நிரம்பும் முன்பே தொடைப் பக்கம் கசிந்தாலோ, கணக்கைப் பார்க்காமல் எக்ஸ்எல்லுக்குப் போங்கள்.

கடைசியில் சாதா ரகம். 11.00 என்பதுதான் பட்டியலிலேயே குறைந்த விலை. படத்தில் உள்ளதைவிட 25 காசு மலிவு. ஐந்து பீஸுக்கு ஒன்றேகால் ரூபாய், மாதத்துக்கு 37 ரூபாய் 50 காசு மிச்சம் என்று தோன்றும். ஆனால் குறைவாக உறிஞ்சும் ரகத்தில் இரவில் ஒரு தடவை கூடுதலாக மாற்ற வேண்டி வந்தால் நாளைக்கு ஆறு ஆகும். ஆறு பதினொன்று 66. ஐந்து பதினொன்றேகால் 56.25. நாளுக்கு 9 ரூபாய் 75 காசு நட்டம், 30 நாளில் 292 ரூபாய் 50 காசு. இதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கி, இரண்டு மூன்று இரவு போட்டுப் பார்த்து, காலையில் துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். நனையவில்லை என்றால் சாதா ரகமே லாபம். சில வீடுகளில் பகலுக்குச் சாதா, இரவுக்கு மற்றது என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். கணக்கிலும் அது சரியாகவே வருகிறது.

ஆன்லைனில் இதே எல் 64 பாக்கெட் 690 ரூபாய்க்குக் கிடைக்கிறது, கொண்டுவந்து தர 40 ரூபாய் என்றால், 730-ஐ 64-ஆல் வகுக்க வேண்டும்: 11.41. கடையில் வாங்குவதே மலிவு. ஆன்லைனில் பார்க்கும்போது படத்தை மட்டும் நம்பாமல் விவரப் பட்டியலில் உள்ள எண்ணிக்கையைப் படியுங்கள். ஒரே படத்தின் கீழ் சைஸையும் பாக்கெட் எண்ணிக்கையையும் மாற்றித் தேர்வு செய்யும் வசதி இருப்பதால், படம் ஒன்றாகவும் வண்டியில் விழுந்தது வேறாகவும் போவது எளிது.

வைப்ஸ்: தாளின் அளவையும் பாருங்கள்

வெட் வைப்ஸில் முதல் குழப்பம் கட்டுதான். மூன்று பாக்கெட் சேர்த்த கட்டின் படத்தில் முன்னால் 72 என்றும் தெரியும், வெளி உறையில் 216 என்றும் தெரியும். விலை மொத்தக் கட்டுக்கு என்றால் 216-ஆல் வகுக்க வேண்டும். 72-ஆல் வகுத்தால் மூன்று மடங்கு விலை போலத் தோன்றும். வெளி உறையின் பார்கோடும் உள்ளே இருக்கும் தனிப் பாக்கெட்டின் பார்கோடும் வெவ்வேறு என்பதால், படத்தில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, டயப்பரில் இல்லாத ஒன்று: தாளின் அளவு. பின்பக்கத்தில் நீளமும் அகலமும் மில்லிமீட்டரில் அல்லது சென்டிமீட்டரில் இருக்கும். ஒரு பாக்கெட்டில் 80 தாள், விலை 120 ரூபாய், தாள் 20-க்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பீஸ் விலை 1.50, பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். இன்னொன்றில் 72 தாள், 90 ரூபாய், தாள் 18-க்கு 13. பீஸ் விலை 1.25, பரப்பு 234. பீஸ் கணக்கில் இரண்டாவது 25 காசு மலிவு. நூறு சதுர சென்டிமீட்டருக்குப் பார்த்தால் முதலாவது 50 காசு, இரண்டாவது 53 காசு. பெரிய தாள்தான் உண்மையில் மலிவு.

எந்தக் கணக்கை எடுப்பது என்பது பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது. சாப்பிட்ட வாயைத் துடைக்கப் பெரிய தாளில் பாதி வீணாகும். அதற்குப் பீஸ் விலையே சரி. மலம் துடைக்க எத்தனை தாள் ஆகும் என்பதைப் பரப்பும் கனமும் தீர்மானிக்கின்றன. மெல்லிய தாளில் ஈரம் விரலுக்கு ஊறி வந்து, இரண்டாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் அதன் விலையை இரண்டால் பெருக்குங்கள். தாளின் கனம் படத்தில் தெரியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைப்ஸில் தயாரித்த மாதத்தையும் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் படத்தில் கட்டாயம் பாருங்கள். பெரிய தள்ளுபடியில் வருவது முடியப்போகும் சரக்காக இருக்கலாம். ஒட்டும் மூடி சரியாக ஒட்டாத பாக்கெட் நம் வெயிலில் மேல் தாளிலிருந்து காய ஆரம்பிக்கும். காய்ந்து எறியும் ஒவ்வொரு தாளும் மீதித் தாள்களின் விலையை ஏற்றுகிறது.

கணக்கைக் கெடுக்கும் மிச்சம்

டயப்பரிலும் இதே சேதம் வேறு வழியில் வரும். குழந்தை எடை வரம்பின் மேல் விளிம்பை நெருங்கும்போது பெரிய பாக்கெட் வாங்கினால், தீர்வதற்குள் சைஸ் மாறிவிடும். மேலே பார்த்த 720 ரூபாய் பாக்கெட்டில் 20 பீஸ் மிச்சமாகி யாருக்கும் பயன்படாமல் போனால், பயன்பட்டது 44. 720-ஐ 44-ஆல் வகுத்தால் பீஸுக்கு 16.36. மெடிக்கல் ஷாப்பில் 12.82-க்கு இருந்த 34 பீஸ் பாக்கெட் இப்போது எவ்வளவோ மலிவு. கடைசிப் பாக்கெட் எப்போதும் சின்னதாக இருக்கட்டும்.

அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. தெரியும் படத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் இந்தப் பொட்டல விதிகளைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை.

வாங்கி முடித்ததும் படத்தின் கீழே ஒரு வரி எழுதி இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்: ரகம், பேண்ட்ஸா டேப்பா, சைஸ், எண்ணிக்கை, கொடுத்த தொகை, பீஸ் விலை, தேதி. மேலே பார்த்த பாக்கெட்டுக்கு அது "எக்ஸ்ட்ரா ரகம், பேண்ட்ஸ், எல், 64, 720, 11.25" என்று வரும், பின்னால் தேதி. அடுத்த முறை எந்தக் கடையில் எந்த ஆஃபர் பலகை தொங்கினாலும், பில் தொகையை எண்ணிக்கையால் வகுத்து, வந்த விடையை இந்த 11.25-ஓடு ஒப்பிட்டால் போதும்.